அம்மாவின் எண்டோஸ்கோபி ரிப்போர்ட்: எட்டுப் படங்களில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. முழங்கால் வலிக்கு ஒரு வருடமாக மாத்திரை எடுக்கிறார். நெஞ்செரிச்சலும் மேல்வயிற்று வலியும் இருந்ததால் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் "எல்.ஏ. கிரேடு ஏ ஈசோஃபஜைட்டிஸ், ஸ்மால் ஹையாட்டஸ் ஹெர்னியா, எரிதெமட்டஸ் ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ், ஆன்ட்ரத்தில் 8 மி.மீ. அல்சர், ஃபாரஸ்ட் 3, ஆர்.யு.டி. நெகட்டிவ், பயாப்ஸி எடுக்கப்பட்டது" என்று இருக்கிறது. ஒரு படத்தில் சீழ் மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது. இன்னொன்றில் வயிற்றுக்குள் கறுப்பாக ஒரு குழாய். ஃபாரஸ்ட் 3 என்றால் மூன்றாவது ஸ்டேஜா? பயாப்ஸி எதற்கு? மறுபடி டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் ஆகும், அதுவரை தூக்கம் வராது போலிருக்கிறது.

பதில்:

ஸ்டேஜ் இல்லை. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். ஃபாரஸ்ட் என்பது புண்ணிலிருந்து ரத்தம் வருகிறதா, வர வாய்ப்பு இருக்கிறதா என்பதைச் சொல்லும் ஒரு வரிசை. 1974-ல் ஃபாரஸ்ட் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் தொடங்கி வைத்த முறை இது. இதில் எண்கள் நாம் நினைப்பதற்குத் தலைகீழ். 1 என்றால் ரத்தம் பீறிடுகிறது அல்லது கசிகிறது. 2 என்றால் இப்போது நின்றிருக்கிறது, ஆனால் ரத்தக்குழாயோ உறைந்த கட்டியோ கறுப்புப் புள்ளியோ அங்கே தெரிகிறது. 3 என்றால் புண்ணின் அடிப்பகுதி சுத்தமாக இருக்கிறது. அம்மாவுக்கு இருப்பது இந்த வரிசையில் ஆபத்து மிகக் குறைந்த நிலை.

அந்த வெள்ளை, சீழ் இல்லை. வாய்ப்புண் வந்தால் நடுவில் வெள்ளையாக, சுற்றிலும் சிவப்பு வளையமாக இருக்குமே, அதேதான். புண்ணின் மேல் படியும் ஃபைப்ரின் படலம் அது. வெளிக்காயம் காய்ந்து பொருக்கு கட்டும், இரைப்பை எப்போதும் ஈரமாக இருப்பதால் உள்ளே அது வெள்ளைப் படலமாக நிற்கிறது. "சுத்தமான அடி" என்று நாங்கள் எழுதுவது இந்த வெள்ளையைப் பார்த்துத்தான்.

கறுப்புக் குழாய் எண்டோஸ்கோப்பேதான். சுண்டுவிரல் கனமுள்ள அந்தக் குழாயை இரைப்பைக்குள் போனதும் 'ஜே' எழுத்து போல மேல்நோக்கி வளைப்போம். நுழைந்த வாசலைத் திரும்பிப் பார்த்தால்தான் உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடம் தெரியும். அப்போது குழாயின் உடம்பே படத்தில் விழுந்துவிடும். ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார், "உள்ளே எதையாவது விட்டுட்டீங்களா சார்?" என்று பயந்துபோய்.

இனி படங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குழாய் போன வழியிலேயே வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். முதலில் வெளிர் இளஞ்சிவப்பாக, வழுவழுப்பான சுரங்கம் போல இருப்பது உணவுக்குழாய். அதன் முடிவில் வெளிர் நிறம் நின்று ஆரஞ்சு கலந்த சிவப்பு தொடங்கும். வளைந்து நெளிந்த அந்த எல்லைக்கு இசட் லைன் என்று பெயர். நீளவாக்கில் தடித்த மடிப்புகள் தெரிவது இரைப்பையின் நடுப்பகுதி. மடிப்புகள் மறைந்து, கடைசியில் வட்டமாக ஒரு சின்னத் துளை தெரிகிறதல்லவா, அந்தத் துளை பைலோரஸ், அதற்கு முன்னால் உள்ள அறை ஆன்ட்ரம். துளையைத் தாண்டினால் சிறுகுடலின் தொடக்கமான டியோடினம். வளையம் வளையமாக மடிப்பு இருந்தால் அது டியோடினத்தின் இரண்டாம் பகுதி. அதோடு பயணம் முடிகிறது.

பளிச்சென்ற வெள்ளைத் திட்டுகள் ஈரத்தில் பட்டுத் திரும்பும் விளக்கு வெளிச்சம். நுரை உமிழ்நீர். மஞ்சள் பச்சையாகத் தேங்கியிருப்பது பித்தநீர். இவை எதுவும் நோய் இல்லை.

ரிப்போர்ட்டில் எல்லா வரிகளும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே எடை என்று தோன்றும். அப்படி இல்லை. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரிதான் தொடர்ந்து கவனிக்க வேண்டியது. மற்றவை அதற்குப் பக்கத்தில் சிறியவை. சிறியவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

"எரிதெமட்டஸ் ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்" என்றால் ஆன்ட்ரம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான். குழாய் விட்டுப் பார்க்கிறவர்களில் இந்த வரி இல்லாமல் வீட்டுக்குப் போகிறவர் குறைவு. நான் எழுதும் ரிப்போர்ட்டுகளையும் சேர்த்தே சொல்கிறேன். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவதற்கும், அதே இடத்தில் சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிவதற்கும் பொருத்தம் மிகக் குறைவு. சிவந்த இரைப்பை சோதனையில் சரியாக இருக்கும். பார்க்க அழகாக இருந்த இரைப்பையில் கிருமியும் அழற்சியும் நிறைந்திருக்கும். உண்மையில் கேஸ்ட்ரைட்டிஸ் என்பது சதையைச் சோதித்துச் சொல்ல வேண்டிய சொல். எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டில் அது ஒரு சந்தேகம் மட்டுமே.

அடுத்து ரிஃப்ளக்ஸ், அதாவது அமிலம் மேலே ஏறுவது. எல்.ஏ. என்பது லாஸ் ஏஞ்சலஸ். அமிலம் பட்டு உணவுக்குழாயின் கடைசிப் பகுதியில் கோடு கோடாகத் தோல் உரிந்திருக்கும், அந்தக் கோட்டை அளந்து தரம் பிரிக்கிறோம். 5 மி.மீ.க்கு மேல் போகாத கோடுகள் ஏ. அதைவிட நீளம், ஆனால் ஒரு மடிப்பின் உச்சியிலிருந்து அடுத்த மடிப்பின் உச்சிக்குத் தாவவில்லை என்றால் பி. தாவிவிட்டால் சி. உணவுக்குழாயின் சுற்றளவில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் உரிந்திருந்தால் டி. இசட் லைன் தெரியும் படத்தைப் பாருங்கள். எல்லைக்கு மேலே, வெளிர் பகுதிக்குள் சின்னச் சிவப்புக் கீறல் ஒன்றிரண்டு தெரியலாம். அதுதான் கிரேடு ஏ. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இந்த அளவு தென்படுவதுண்டு. அதனால் பி-யிலிருந்து மேலே இருந்தால்தான் ரிஃப்ளக்ஸ் நோய்க்கு உறுதியான சான்றாக இப்போது எடுத்துக்கொள்கிறோம். ஏ ஆறிவிட்டதா என்று பார்க்க மட்டும் மறுபடி குழாய் விட வேண்டியதில்லை. சி, டி என்றால் விட வேண்டும்.

ஹையாட்டஸ் ஹெர்னியா என்ற பெயர்தான் பெரிது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்குவதற்கு ஓர் ஓட்டை உண்டு. அது தளர்ந்து இரைப்பையின் மேல்நுனி கொஞ்சம் மேலே வழுக்கியிருக்கிறது. குழாயின் மேல் சென்டிமீட்டர் குறிகள் இருக்கும், முன்பல்லிலிருந்து அளப்போம். ரிப்போர்ட்டில் "இசட் லைன் 36, ஹையாட்டஸ் 38" என்பது போல இரண்டு எண்கள் இருந்தால், வித்தியாசம்தான் ஹெர்னியாவின் அளவு, இந்த உதாரணத்தில் 2 செ.மீ. இந்த அளவுக்கு ஆபரேஷன் பற்றிய பேச்சே எழாது. தொப்புள் ஹெர்னியா, விரைவீக்கம் இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து அரை அடி உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்தும் வயிறும் மடங்கி, அமிலம் இன்னும் நன்றாக ஏறும்.

இப்போது அந்த ஒரு வரி: ஆன்ட்ரத்தில் 8 மி.மீ. அல்சர்.

நம் ஊரில் அல்சர் என்ற சொல் படாதபாடு படுகிறது. காலையில் சாப்பிடாமல் போனால் அல்சர், காரம் தின்றால் அல்சர், வயிறு எரிந்தால் அல்சர். நாங்கள் அல்சர் என்று எழுதுவது வேறு. உள்தோல் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமாக, ஆழமாக அறுந்திருந்தால்தான் அது அல்சர். அதற்குக் கீழே, மேலோட்டமாக இருந்தால் எரோஷன், அதாவது சிராய்ப்பு. 8 மி.மீ. என்பதை உள்ளே ஸ்கேல் வைத்து அளக்கவில்லை. சதை எடுக்கும் இடுக்கியின் வாயைத் திறந்தால் ஆறேழு மி.மீ. இருக்கும், அதைப் புண்ணின் பக்கத்தில் பிடித்துக் கண்ணால் மதிப்பிடுவோம். ஆகவே அடுத்த முறை வேறொருவர் 10 என்று எழுதினால் புண் வளர்ந்துவிட்டது என்று அலற வேண்டாம்.

பட்டினியும் காரமும் இந்தப் புண்ணைத் தோண்டுவதில்லை. இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவே. பெரும்பாலான அல்சர்களுக்குக் காரணம் இரண்டே. ஒன்று, ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. மற்றொன்று வலி மாத்திரை. உங்கள் கேள்வியில் "ஒரு வருடமாக மாத்திரை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. அந்த அட்டையைத் திருப்பி, பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்ஸிப் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அதுவே இந்தப் புண்ணுக்கு முதல் சந்தேக நபர். பல அட்டைகளில் பாராசிட்டமாலோடு சேர்த்து வரும், அதனால் "வெறும் பாராசிட்டமால்தானே" என்று ஏமாந்துவிடுவார்கள்.

இந்த மருந்துகள் இரைப்பையைச் சுடுவதால் மட்டும் புண் வருவதில்லை. இரைப்பை தன் அமிலத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு சளிப் பூச்சைச் சுரக்கிறது. அதைச் சுரக்கச் சொல்லும் ரசாயனம்தான் உடம்பில் வலியையும் உண்டாக்குகிறது. மருந்து ரத்தத்தில் கலந்து, முழங்காலில் அதை நிறுத்தும்போது இரைப்பையிலும் நிறுத்திவிடுகிறது. ஆகவே சாப்பிட்ட பிறகு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும் இரைப்பை தப்புவதில்லை. மேலே தடவும் ஜெல் மட்டும் பெரும்பாலும் பரவாயில்லை, ரத்தத்தில் அது சேர்வது மிகக் கொஞ்சம். இப்போதைக்கு வலிக்குத் தனிப் பாராசிட்டமாலும் ஜெல்லும் போதுமா என்று உங்கள் டாக்டரிடம் ஃபோனிலாவது கேட்டுவிடுங்கள், பத்து நாள் காத்திருக்க வேண்டாம். ஆனால் அம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுத்தால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. இதய டாக்டரிடம் கேட்காமல் நிறுத்துவது அல்சரைவிட ஆபத்தாக முடியலாம்.

மாத்திரைதான் காரணம் என்றால் கிருமியை விட்டுவிடலாமா? கூடாது. ஆர்.யு.டி. நெகட்டிவ் என்ற வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. கிருமியைத் தேடும் அந்தச் சோதனையில் இரைப்பையிலிருந்து எள்ளளவு சதையை எடுத்து மஞ்சள் நிற ஜெல்லில் வைப்போம். கிருமி இருந்தால் அது யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும், ஜெல் இளஞ்சிவப்பாக மாறும். சில சமயம் பத்து நிமிடத்தில் மாறும், சில சமயம் மறுநாள் வரை ஆகும். நிறம் மாறவில்லை என்றால் நெகட்டிவ். ஆனால் பேண்டோபிரசோல், ஒமிபிரசோல், ரபிபிரசோல் போன்ற "கேஸ் மாத்திரை" எடுத்துக்கொண்டிருந்தால் கிருமி குறைந்துபோய், ஆன்ட்ரத்தை விட்டு மேலே ஒதுங்கிவிடும். எடுத்த துண்டில் கிருமி இருக்காது, இரைப்பையில் இருக்கும். இந்த மாத்திரையை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருந்தால்தான் நெகட்டிவ் என்பதை நம்பலாம். நெஞ்செரிச்சலோடு வருகிறவர் யாரும் இரண்டு வாரம் மாத்திரை போடாமல் வருவதில்லை. உங்கள் அம்மாவும் குழாய் விட்ட அன்றைக்கு முந்தின நாள் வரை போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். போட்டிருந்தால், இந்த நெகட்டிவுக்கு "தெரியவில்லை" என்றுதான் பொருள்.

அதற்காக இப்போது கேஸ் மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோதிக்கவும் முடியாது, புண் ஆற அது வேண்டும். நடைமுறையில் இப்படிச் செய்வோம். பயாப்ஸி சதையில் கிருமி தெரிகிறதா என்று முதலில் பார்ப்போம். அதிலும் இல்லை என்றால், புண் ஆறி மாத்திரைக் கெடு முடிந்த பிறகு, டாக்டர் சொல்லும் நேரத்தில் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்வோம். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புப் பொருளைப் பார்ப்பது இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் அது நெடுநாள் பாசிட்டிவாகவே காட்டும். கிருமி இருப்பது உறுதியானால் வழக்கமாகப் பதினான்கு நாள் மருந்து, ஒரு வேளையும் விடாமல். முடித்துக் குறைந்தது நான்கு வாரம் கழித்துப் போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். இந்தியாவில் சில ஆன்டிபயாடிக்குகளுக்கு இந்தக் கிருமி மசிவதில்லை, அதனால் அந்தக் கடைசிச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பயாப்ஸிக்கு வருவோம். அல்சர் எங்கே இருக்கிறது என்பது இங்கே முக்கியம். இதே 8 மி.மீ. புண் பைலோரஸ் துளையைத் தாண்டி டியோடினத்தில் இருந்திருந்தால் வழக்கமாகப் புண்ணில் சதை எடுத்திருக்கவே மாட்டோம். அங்கே வரும் அல்சர் புற்றுநோயாக இருப்பது மிக அரிது. இரைப்பைக்குள் இருக்கும் புண்ணை அப்படி நம்பிவிட முடியாது. இரைப்பைப் புற்றுநோய் சில சமயம் சாதாரண அல்சர் வேடத்தில் உட்கார்ந்திருக்கும். ஆகவே எண்டோஸ்கோபி செய்தவர் பயாப்ஸி எடுத்தது சந்தேகப்பட்டதால் என்று முடிவு கட்ட வேண்டாம், இரைப்பை அல்சர் என்றால் எடுப்பதுதான் ஒழுங்கு. நீங்கள் பயப்பட வேண்டியது எடுக்காமல் விட்டிருந்தால்.

புண் தெரியும் படத்தை நீங்களே பாருங்கள். விளிம்பு வட்டமாக, மழமழவென்று இருக்கிறதா? சுற்றியுள்ள மடிப்புகள் சக்கரத்தின் ஆரக்கால் போலப் புண்ணின் ஓரம் வரை மெலிந்து வந்து சேர்கின்றனவா? அடி ஒரே சீரான வெள்ளையா? இவை நல்ல அறிகுறிகள். விளிம்பு கரடுமுரடாகத் தடித்து எழும்பியிருப்பது, மடிப்புகள் பாதியிலேயே வெட்டுப்பட்டோ உருண்டை கட்டியோ நிற்பது, இவை எங்களை உஷார்ப்படுத்தும். ஆனால் படத்தைப் பார்த்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை, நானும் எழுத மாட்டேன். புண்ணின் ஓரத்தைச் சுற்றிப் பல இடங்களில் எடுத்த துண்டுகள்தான் பேசும். நடுவில் உள்ள வெள்ளையை மட்டும் எடுத்தால் வெறும் படலம்தான் வரும்.

பயாப்ஸி முடிவு வந்ததும் அதிலும் சில சொற்கள் பயமுறுத்தும். "குரோனிக் ஆக்டிவ் கேஸ்ட்ரைட்டிஸ்" என்றால் தீவிரம் என்று பொருள் இல்லை, அழற்சி இப்போதும் நடக்கிறது என்று பொருள். கிருமி இருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். "இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா" என்றால் இரைப்பைத் தோல் நெடுநாள் அழற்சியால் குடல் தோல் மாதிரி மாறியிருக்கிறது. அது புற்றுநோய் இல்லை, ஆனால் எவ்வளவு இடத்தில் இருக்கிறது என்று டாக்டரிடம் கேளுங்கள். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் குறிக்கும் "டிஸ்பிளேசியா" என்ற சொல் இருந்தால் மட்டும் பத்து நாள் காத்திருக்காமல் அன்றே ஃபோன் செய்யுங்கள்.

பயாப்ஸி நல்லபடியாக வந்தாலும் இன்னொரு வேலை பாக்கி. இரைப்பை அல்சருக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை பொதுவாக எட்டு வாரம். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், சாப்பிட்ட பிறகு போட்டால் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம். அமிலச் சுரப்பிகள் உணவைக் கண்டு வேலையைத் தொடங்கும்போது மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி குழாய் விட்டு, புண் முழுதும் ஆறித் தழும்பாகிவிட்டதா என்று பார்ப்பது இரைப்பை அல்சரில் வழக்கம். ஆறாத புண்ணில் மறுபடி சதை எடுப்போம்.

இங்கேதான் பலர் நழுவுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் அறுபதைத் தாண்டிய ஒருவர், டீக்கடை வைத்திருந்தவர், இதே போல ஆன்ட்ரத்தில் புண்ணோடு வந்தார். முதல் பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. எட்டு வாரம் கழித்து வரச் சொன்னேன். இரண்டாவது வாரமே வலி போய்விட்டதாம், வியாபாரத்தை விட்டு வர மனசில்லை. ஏழு மாதம் கழித்து எடை குறைந்து வந்தார். அதே இடத்தில், தடித்த விளிம்போடு புண் இருந்தது, இந்த முறை பயாப்ஸி வேறு பதில் சொன்னது. இரைப்பைப் புற்றுநோய்ப் புண்ணும் அமிலம் குறைந்தால் கொஞ்சம் ஆறும், வலியும் நிற்கும். அதனால் "அம்மாவுக்கு இப்ப நல்லா இருக்கு" என்பதை வைத்து அந்த இரண்டாவது எண்டோஸ்கோபியை ரத்து செய்யாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு அதில் தெரிவது நட்சத்திரம் போல இழுபட்ட ஒரு சின்னத் தழும்புதான்.

இந்தப் பத்து நாளில் கவனிக்க வேண்டியது இதுதான். மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கமில்லாத நாற்றம் அடித்தால், காப்பிப் பொடி கரைத்த மாதிரி வாந்தி வந்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், திடீரென்று வயிறு பலகை போல இறுகி வலித்தால், அப்பாயின்ட்மென்ட்டைப் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், ஆனால் அது தார் மாதிரி ஒட்டாது. ஒரு ஹீமோகுளோபின் பார்த்து வைப்பதும் நல்லது, வலி மாத்திரைப் புண் வலிக்காமலேயே மெதுவாக ரத்தத்தை இழக்கச் செய்யும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது ரிப்போர்ட்டோடு அம்மா போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கியதையும் சேர்த்து. குழாய் விட்ட அன்று கேஸ் மாத்திரை போட்டிருந்தாரா என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அப்புறம், மறு எண்டோஸ்கோபிக்குத் தேதியை அங்கேயே குறித்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.